அங்கவடியும் கனத்த சேணமும் குதிரை வீரனுக்கு எப்படிப் பிடிமானம் தந்தன?

கேள்வி: அங்கவடி வந்த பிறகுதான் குதிரைமேல் இருந்து ஈட்டியால் பாய்ந்து குத்த முடிந்தது என்கிறார்களே, கால் வைக்கும் ஒரு வளையத்தால் அவ்வளவு ஆகுமா?

அங்கவடி மட்டும் போதாது. ஈட்டிக்குச் சேணம்தான் முக்கியம்.

ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாய்ந்து வரும் வீரனை நினைத்துப் பாருங்கள். முனை எதிரியின் கேடயத்தில் முட்டியதும் அதே விசை அவனைப் பின்னோக்கித் தள்ளும். அங்கவடி காலுக்குக் கீழே தொங்குவது; பின்னால் சரிபவனை அது அதிகம் தடுக்காது. அவனைத் தாங்குவது இடுப்புக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் சேணத்தின் பின்மேடு. அங்கிருந்து விசை வயிற்றுவாருக்கும், குதிரையின் நெஞ்சைச் சுற்றிய மார்புவாருக்கும் போகிறது. இப்படித்தான் குதிரையின் எடையும் வேகமும் ஈட்டி முனையில் சேர்கின்றன. வார் அறுந்தால் சேணத்தோடு ஆளும் விழுவான்.

வாள் வேறு கதை. வலப்பக்கம் சாய்ந்து ஓங்கி வெட்டும்போது உடல் பக்கவாட்டில் சரியும். அப்போது அங்கவடியை மிதித்து எழுந்து நிற்கலாம்; வெட்டு தவறினாலும் நிலை தடுமாறாது. இங்கே அங்கவடிக்கு ஈடில்லை.

நார்மன்கள் இங்கிலாந்தில் வென்ற 1066 ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பாயோ பூத்தையல் துணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நார்மன் வீரர்கள் உயர்ந்த சேணத்தில், காலை ஏறக்குறைய நேராக நீட்டி அமர்ந்திருப்பார்கள். ஆனால் பலர் ஈட்டியைத் தலைக்கு மேல் ஓங்கியிருக்க, சிலரே அக்குளில் இடுக்கியிருக்கிறார்கள். அங்கவடி ஐரோப்பாவுக்கு வந்து சில நூற்றாண்டுகள் ஆகியும் பழைய முறை போகவில்லை. இடுக்கிக் குத்துவது 12ஆம் நூற்றாண்டில்தான் வழக்கமானது.