ஏபிடிடி அதிகம், ஆனா ஹெப்பாரின் எதுக்கு?

"மூணு தடவை கரு கலைஞ்சிருச்சு. ரத்தம் உறையிற நேரத்தைப் பாக்குற ஏபிடிடி டெஸ்ட்ல 52 செகண்ட். ரத்தம் லேட்டா உறையுதுன்னா, உறையாம தடுக்குற ஹெப்பாரின் ஏன்?"

சிஸ்டர், அந்த லேட் டெஸ்ட் டியூபுக்குள்ள மட்டும்தான். உறைய வைக்க லேப்ல பாஸ்போலிப்பிட்ங்கிற கொழுப்பு சேர்ப்பாங்க, லூபஸ் ஆன்டிகோகுலன்ட்ங்கிற ஆன்டிபாடி அதைப் போய் மறிச்சுக்குது, அதான் நேரம் இழுக்குது. நார்மல் பிளாஸ்மாவை பாதிக்குப் பாதி கலந்தும் நேரம் குறையலன்னா ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் புரதம் குறைவு இல்ல, ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம், இதைச் செஞ்சாங்களான்னு கண்டிப்பா கேளுங்க. உடம்புக்குள்ள அதே ஆன்டிபாடி ரத்தக்குழாய் உள்சுவரையும் பிளேட்லெட்டையும் தூண்டிவிட்டு ரத்தக்கட்டி உண்டாக்குது, நஞ்சுக்கொடி சரியா ஊன்றவும் விடாது. இன்ஃபெக்‌ஷனுக்கு அப்புறம் இந்த ஆன்டிபாடி தற்காலிகமாவும் வரும், அதனால 12 வாரம் கழிச்சு திரும்பவும் பாக்கணும், ஹெப்பாரின் போட்டுட்டு இருந்தா லேப்ல முன்கூட்டியே சொல்லிடுங்க, ரிசல்ட் மாறிடும். உறுதியானா கர்ப்பத்துல ஹெப்பாரினோட குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரினும் குடுப்பாங்க, பிரசவத்துக்கு அப்புறமும் சில வாரம் ஹெப்பாரினை நிறுத்தாதீங்க.