கிரிஸ்டல் இல்லாமல் கடிகாரம் ஓடுமா?

கேள்வி: RP2040 சில்லை வைத்து மேசைக் கடிகாரம் ஒன்றைச் செய்ய உதிரிப் பாகங்கள் வாங்குகிறேன். சில்லுக்குள்ளேயே ரிங் ஆசிலேட்டர் இருப்பதாக அதன் தரவுத்தாளில் படித்தேன். அப்படியென்றால் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தனியாக வாங்க வேண்டுமா? உள்ளே இருப்பதையே ஒருமுறை அளந்து, நிரலில் திருத்தம் சேர்த்துவிட்டால் போதாதா?

பதில்: கிரிஸ்டலை வாங்குங்கள். ஒருமுறை அளந்து திருத்தும் வழி கடிகாரத்துக்குப் பயன்படாது. ஏனென்றால் நீங்கள் அளக்கும் எண் அந்த நேரத்து மின்னழுத்தத்துக்கும் அந்த நேரத்து வெப்பநிலைக்கும் மட்டுமே உரியது.

ரிங் ஆசிலேட்டர் என்பது ஒற்றைப்படை எண்ணிக்கையிலான இன்வெர்ட்டர்களை வரிசையாக இணைத்து, கடைசியின் வெளியீட்டை முதலாவதன் உள்ளீட்டில் சேர்த்த வளையம். (இங்கே இன்வெர்ட்டர் என்பது ஒன்றைச் சுழியமாகவும் சுழியத்தை ஒன்றாகவும் மாற்றும் சிறிய லாஜிக் கேட், மின்தடையின்போது விளக்கெரிக்கும் கருவி அல்ல.) எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் வளையத்தைச் சுற்றி வரும் சமிக்ஞை ஒவ்வொரு முறையும் தலைகீழாகித் திரும்புகிறது, எந்த நிலையிலும் அது நிலைகொள்ள முடியாது. இரண்டு சுற்று முடிந்தால் ஓர் அலை முடிகிறது. ஆகவே ஒரு கேட்டின் தாமதம் t என்றும், கேட்டுகள் N என்றும் கொண்டால் அதிர்வெண் இவ்வளவுதான்:

```
f = 1 / (2 × N × t)
```

இந்த வாய்பாட்டில் தாமதத்தைத் தவிர நேரத்தைத் தீர்மானிக்கும் பொருள் வேறெதுவும் இல்லை. அந்தத் தாமதமோ டிரான்சிஸ்டர் எவ்வளவு மின்னோட்டத்தைத் தருகிறது என்பதைப் பொறுத்தது. மின்னழுத்தம் குறைந்தாலும், சில்லு சூடானாலும், தயாரிப்பில் சிறு வேறுபாடு இருந்தாலும் அது மாறும். 74HC04 என்ற பழகிய சில்லின் மூன்று கேட்டுகளை வளையமாக்கிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். அதன் ஒரு கேட்டின் வழக்கமான தாமதம் 4.5 வோல்ட்டில் சுமார் 9 நானோநொடி. 2 வோல்ட்டில் சுமார் 25 நானோநொடி. அதன்படி முன்னதில் ஏறத்தாழ 18 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அதே வளையம், பின்னதில் 7 மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது. உங்கள் சில்லின் தரவுத்தாளும் இதை மறைக்கவில்லை: தொடக்கத்தில் ரிங் ஆசிலேட்டர் பெயரளவில் 6.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று சொல்லிவிட்டு, 1.8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கேனும் இருக்கும் என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது.

கிரிஸ்டலில் நேரத்தைத் தீர்மானிப்பது மின்னோட்டம் அல்ல, குவார்ட்ஸ் துண்டின் உருவம். குவார்ட்ஸுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது நுண்ணளவில் உருமாறும். உருமாறினால் மின்னழுத்தம் தரும். 12 மெகாஹெர்ட்ஸுக்கு ஏடி வெட்டு முறையில் அறுக்கப்பட்ட தகடு ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் மேல்முகமும் கீழ்முகமும் எதிரெதிர்த் திசையில் வழுக்கி அதிர்கின்றன. அந்த அதிர்வின் வேகத்தைத் தடிமனும் குவார்ட்ஸின் விறைப்பும் முடிவு செய்துவிடுகின்றன. மெல்லிய தகடு வேகமாக அதிரும், தடித்த தகடு மெதுவாக அதிரும்.

ஆனால் கிரிஸ்டல் தானாக ஓடுவதில்லை. அதைத் தொடர்ந்து அதிரவைக்கச் சில்லுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர்தான் பெருக்கியாகிறது. அந்த இன்வெர்ட்டரும் சூட்டிலும் மின்னழுத்தத்திலும் தடுமாறக்கூடியதுதானே, அந்தத் தடுமாற்றம் எங்கே போகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அலைவு தொடர வேண்டுமானால் சுற்றி வரும் சமிக்ஞை, புறப்பட்ட அதே கட்டத்தில் வந்து சேர வேண்டும். இன்வெர்ட்டர் பாதிச் சுழற்சியை, அதாவது 180 பாகையைத் தருகிறது. மீதிப் பாதியைக் கிரிஸ்டலும் அதன் இருபுறமுள்ள மின்தேக்கிகளும் தருகின்றன. ஒத்ததிர்வுக்கு அருகே கிரிஸ்டலின் கட்டம் மிகச் செங்குத்தாக மாறுவதால், இன்வெர்ட்டர் சற்றே தாமதித்தாலும் அதிர்வெண் துளியளவு நகர்ந்தாலே கணக்குச் சரியாகிவிடுகிறது. அந்தச் செங்குத்தைத்தான் தரக் காரணி Q அளக்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். Q 50,000 என்று கொள்வோம். இன்வெர்ட்டர் 0.23 நானோநொடி கூடுதலாகத் தாமதிக்கிறது. 12 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு பாகை, அதாவது 0.0175 ரேடியன். அதிர்வெண்ணின் விகித மாற்றம் அதை 2Q-ஆல் வகுத்தது. ஆகப் பத்து லட்சத்தில் 0.17 பங்கு, ஏறத்தாழ 2 ஹெர்ட்ஸ். கடிகாரத்தில் அது ஒரு நாளைக்கு 0.015 நொடி. இப்போது அதே 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி, தலா 8.33 நானோநொடி தாமதமுள்ள ஐந்து கேட்டுகளின் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேட்டும் அதே 0.23 நானோநொடி தாமதித்தால் அதிர்வெண் 2.7 விழுக்காடு குறைகிறது. கடிகாரம் ஒரே நாளில் ஏறத்தாழ 39 நிமிடம் பின்தங்கும்.

ரிங் ஆசிலேட்டரைக் குறையாகச் சொல்வதும் நியாயமல்ல. கிரிஸ்டல் அதிரத் தொடங்கி நிலைப்பட ஒரு மில்லிநொடி அளவில் காத்திருக்க வேண்டும். வளையமோ மின்சாரம் வந்தவுடன் ஓடுகிறது. அதனால்தான் RP2040 முதலில் வளையத்தைக்கொண்டு விழித்தெழுகிறது, பிறகு நிரல் கிரிஸ்டலுக்கு மாற்றுகிறது. விளக்கை மின்னவைக்க வளையமே போதும். யூஎஸ்பி இணைப்புக்கும் கடிகாரத்துக்கும் போதாது.

வாங்கும்போது 12 மெகாஹெர்ட்ஸ் என்பதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். சுமைத் தேக்கம் என்று குறித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். கிரிஸ்டலின் அதிர்வெண் அந்தத் தேக்கம் இருந்தால் மட்டுமே பொறித்த எண்ணுக்கு வரும்படி சரிசெய்யப்பட்டது. 10 பிகோஃபாரட் கிரிஸ்டலுக்கு இருபுறமும் 15 பிகோஃபாரட் மின்தேக்கி பொருத்தமானது: இரண்டும் தொடராகச் சேர்ந்து 7.5, பலகையின் தடங்களும் சில்லின் கால்களும் தருவது சுமார் 3, ஆக 10.5. இதே மின்தேக்கிகளோடு 20 பிகோஃபாரட் கிரிஸ்டலைப் பொருத்தினால் பலகை பழுதின்றி ஓடும், யூஎஸ்பியும் வேலை செய்யும். கடிகாரம் மட்டும் நாள்தோறும் சில நொடிகள் முந்திப்போகும். காரணம் தெரியாமல் நிரலில் பிழை தேடி அலைபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருக்கிறார்கள்.

பொருத்தமான மின்தேக்கிகளோடு, பத்து லட்சத்தில் 30 பங்கு பிழை அனுமதியுள்ள கிரிஸ்டல் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2.6 நொடி பிசகலாம். மாதக்கணக்கில் திருத்தாமல் ஓட வேண்டுமானால், வெப்பநிலைத் திருத்தம் உள்ளடங்கிய DS3231 போன்ற கடிகாரச் சில்லைக் கூடுதலாக வாங்குங்கள். 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

பாகங்கள் வந்தபின் சோதிக்க மைக்ரோபைத்தானின் `machine.freq()` கட்டளையை நம்ப வேண்டாம். அது அளந்து சொல்வதில்லை, கிரிஸ்டல் சரியாக 12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு அமைத்த எண்ணையே திருப்பித் தருகிறது. இணைய நேரத்தோடு ஒத்துப்போகும் கைப்பேசியின் நொடியோடு கடிகாரத்தைப் பொருத்தி வைத்துவிட்டு, சரியாக 24 மணி நேரம் கழித்து மீண்டும் ஒப்பிடுங்கள். மூன்று நொடிக்குள் இருந்தால் கிரிஸ்டலும் மின்தேக்கிகளும் பொருந்தியுள்ளன. ஐந்து, ஆறு நொடி முந்தியிருந்தால் முதலில் சுமைத் தேக்கத்தைச் சரிபாருங்கள்.