கெடு தவறிவிட்டது, அதிகாரிக்கு என்ன எழுதுவது?

"சின்ன அளவில் பால் பதப்படுத்தும் யூனிட் நடத்துகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கழிவுநீர் ஆய்வறிக்கையை இந்த முறை அனுப்பவில்லை. கெடு முடிந்து 23 நாள் ஆகிறது, இன்னும் நோட்டீஸ் வரவில்லை. நானாக மன்னிப்புக் கேட்டு எழுதினால் வலியப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?"

எழுதுங்கள், இந்த வாரமே. அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு நீங்கள் சொல்வது விளக்கம், கேட்பதற்கு முன்னால் சொன்னால்தான் அது தகவல். அபராதமே வராது என்று நான் சொல்லவில்லை, ஆனால் மறைத்தார் என்ற வார்த்தை உங்கள் கோப்பில் ஏறாது. நோட்டீஸ் வந்துவிட்டால் கதை வேறு, அப்போது வக்கீலைப் பாருங்கள்.

கடிதத்தைத் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுத்து ஆய்வும் முடிந்து, அறிக்கையை அனுப்ப மட்டும் மறந்தீர்களா, அல்லது அந்தக் காலாண்டில் மாதிரியே எடுக்கவில்லையா? முதலாவது என்றால் அறிக்கையை இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது என்றால்தான் சிக்கல், ஏனென்றால் அங்கேதான் ஏஜென்ட் வந்து நிற்பார். "சார், இன்றைக்கு மாதிரி எடுத்துப் போன மாதத் தேதி போட்டு வாங்கித் தருகிறேன், ஆபீஸில் எல்லாரும் நம்ம ஆள்தான்" என்பார். தயவுசெய்து சிக்கிவிடாதீர்கள். கழிவுநீரின் மாசு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்று பார்க்கும் பி.ஓ.டி. சோதனைக்கு எடுத்த தண்ணீரைக் குளிரில் வைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். அதனால் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், சோதனை தொடங்கிய நேரம் என்று எல்லாமே பதிவில் இருக்கும். ஆய்வகப் பதிவேட்டோடு ஒருவர் ஒத்துப் பார்த்தால் போதும், தாமதம் என்ற சின்னத் தவறு பொய் ஆவணம் என்ற பெரிய குற்றமாகிவிடும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார், கையெழுத்து உங்களுடையது. எடுக்காத மாதிரியை எடுக்கவில்லை என்றே எழுதுங்கள், இன்றைய மாதிரிக்கு இன்றைய தேதியையே போடுங்கள்.

சரி, கடிதம். "தங்கள் மேலான கவனத்துக்கு, தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பிக்கும் ரெடிமேட் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள், அது எதையும் சொல்வதில்லை. மாதிரியே எடுக்கவில்லை என்றால் முதல் பத்தி இப்படி இருந்தால் போதும்: "இந்தக் காலாண்டுக்கான கழிவுநீர் ஆய்வறிக்கையை உரிய தேதிக்குள் நாங்கள் சமர்ப்பிக்கவில்லை. மாதிரியும் எடுக்கவில்லை. கெடு முடிந்து 21-ஆம் நாள்தான் இதைக் கவனித்தோம். தவறு எங்களுடையது, வருந்துகிறோம்." மன்னிப்பு அவ்வளவுதான், அதற்கு மேல் கெஞ்ச வேண்டாம்.

அடுத்து காரணம். "பொறுப்பான ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார்" என்று எழுதினால், அடுத்தவரும் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். இன்னும் ஒரு படி தோண்டுங்கள். உதாரணத்துக்கு, நினைவூட்டல் மின்னஞ்சல் அவர் ஒருவரின் முகவரிக்கு மட்டும் போனது, அவர் போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. இதுதான் காரணம், ஏனென்றால் இதைத்தான் சரிசெய்ய முடியும்.

திட்டத்துக்கு மூன்று வரி போதும், ஒவ்வொன்றிலும் யார், எந்தத் தேதிக்குள், எது ஆதாரம் என்று இருக்கட்டும். மாதிரி எடுத்து அறிக்கை தருவது ஒன்று. நினைவூட்டல் இரண்டு பேருக்குப் போகும்படி மாற்றுவது இன்னொன்று, மாற்றிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டே ஆதாரம். கெடுவுக்கு 20 நாள் முன்பே மாதிரி எடுப்பது என்று ஆய்வகத்தோடு எழுத்தில் ஏற்பாடு செய்வது மூன்றாவது.

தேதி கொடுக்கும்போது தாராளமாக இருங்கள். பி.ஓ.டி. முடிவு வரவே முறையைப் பொறுத்து 3 முதல் 5 நாள், அதன் மேல் ஆய்வகத்தில் ஆள் வர, தட்டச்சு செய்ய, கையெழுத்தாக என்று நாள் ஓடும். பயத்தில் 7 நாள் என்று எழுதிவிட்டு அதையும் தவறவிடுபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அந்த இரண்டாவது தவறுக்கு மன்னிப்புக் கடிதம் எடுபடாது. 14 நாள் என்று எழுதுங்கள். முடிவில் ஏதாவது வரம்பைத் தாண்டியிருந்தால் அதையும் அப்படியே அனுப்புங்கள்.

அனுப்பும் இடத்தில்தான் எனக்கு எரிச்சல். கெடு முடிந்ததும் பல இணையதளங்களில் பதிவேற்றும் பொத்தானே மறைந்துவிடும், தாமதத்தை ஒப்புக்கொள்ள வருகிறவனுக்கு வழியே இல்லை, என்ன வடிவமைப்போ! மின்னஞ்சலில் அனுப்புங்கள், அச்சுப் பிரதியையும் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி இல்லை, அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவருக்கு உங்களைத் தெரியாது. கையெழுத்து உரிமையாளரான உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஆய்வறிக்கை 11-ஆம் நாளே வந்துவிட்டால் 14 வரை காத்திருக்காதீர்கள், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு அன்றே அனுப்பிவிட்டு, அந்த நகலிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.