மஞ்சுவிரட்டு கிளிப்பில் ஒரு நொடியை நிறுத்திக் காட்டுவது

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டில் எடுத்த வீடியோ. வீரர் திமிலைப் பிடிக்கும் இடத்தை ஸ்லோ செய்து ஃப்ரீஸ் செய்தால் திக்கித் திக்கி ஓடுகிறது, நின்ற படமும் மங்கல். ஏன்?

பதில்: இரண்டுமே எடுக்கும்போது நேர்ந்தவை. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகமாக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இருமுறை வரும், திக்கல் அதுதான். ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் இடைப்படங்களை மென்பொருளே வரைந்து நிரப்பும். ஆனால் மாட்டின் காலும் ஆளின் காலும் குறுக்கே போகுமிடத்தில் அவை மெழுகாக உருகிவிடும். அடுத்த முறை 100 ஃபிரேமில் எடுங்கள், 25 டைம்லைனில் கால் வேகம் வரை சுத்தமாக ஓடும். மங்கலுக்குக் காரணம் ஷட்டர். 1/50-ல் கை இழுபட்டே பதியும். பொட்டல் வெயிலில் 1/1000 தாராளமாக வைக்கலாம்.

எடிட்டில், காளை பாய்ந்து வருவதை முழு வேகத்திலேயே விடுங்கள். அந்த வேகத்தைப் பார்த்தால்தான் பிறகு வரும் மெதுவுக்கு மதிப்பு. கை திமிலைத் தொடுவதற்கு 8 ஃபிரேம் முன்பு தொடங்கி, வேகத்தை வளைகோட்டில் 25 சதவீதத்துக்கு இறக்குங்கள். தொட்ட கணத்தில் ஃப்ரீஸ் வேண்டாம். இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப் பாருங்கள்: விரல்கள் இறுகி, வீரரின் இரு பாதமும் மண்ணை விட்டு எழும்பியிருக்கும். அங்கே அரை நொடி நிறுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் வீடியோ மாட்டிக்கொண்டதோ என்று தோன்றும். பிறகு 4 ஃபிரேமுக்குள் முழு வேகத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, கூட்டத்தின் இரைச்சலை அதன் வேகத்திலேயே ஓடவிடுங்கள்.