24இல் எடுத்த படம், 25 கேட்கும் டிவி

கேள்வி: 52 நிமிட ஆவணப்படத்தை 24 பிரேமில் எடுத்து முடித்துவிட்டோம். சில காட்சிகள் மட்டும் போனில், 30இல். சேனல் 25தான் வேண்டும் என்கிறது. மாற்றித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அடுத்த படத்தை எதில் எடுப்பது?

பணத்தைக் கொடுக்காதீர்கள். இப்படிக் கேட்பவர்களில் பலர் செய்வது இதுதான்: படத்தை 25 பிரேம் டைம்லைனில் இழுத்துப் போட்டு எக்ஸ்போர்ட் அடிப்பார்கள். நொடிக்கு ஒரு பிரேம் குறைகிறதே, சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்றை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும். பேட்டிக் காட்சியில் தெரியாது. கேமரா மெதுவாகத் திரும்பும் இடத்தில் நொடிக்கொரு முறை படம் இடறும். அங்கே நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நொடிக்கொரு பிரேம் அசையாமல் நின்றால் அதே தில்லுமுல்லுதான்.

நீங்களே செய்யலாம். முடித்த படத்தை 24லேயே ஒரே கோப்பாக எடுங்கள். பிரீமியரில் Interpret Footage போய், Assume this frame rate என்ற இடத்தில் 25 கொடுங்கள். பிரேம் கூடாது, குறையாது. படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 52 நிமிடம் 49 நிமிடம் 55 நொடியாகிவிடும், சேனலிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் காதில்தான். வேகம் கூடினால் குரலும் ஏறும், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. பேச்சென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கச்சேரி இருந்தால் கதை வேறு. தம்புராவோடு சேர்ந்தே எல்லாம் ஏறுவதால் சுருதி விலகாது. ஆனால் அந்தப் பாடகரை நன்கு கேட்டவர்களுக்குக் குரல் மெலிந்து ஒலிக்கும். ஆகவே ஆடியோவைத் தனியாக எடுத்து, Maintain Audio Pitch டிக் செய்து 104.17 சதவீத வேகம் கொடுங்கள். அப்புறம் மிருதங்கத்தை ஹெட்போனில் கேளுங்கள். அடி மழுங்கியிருந்தால் இந்த வழி உதவாது. கச்சேரியை முதலிலேயே 25இல் எடுத்திருக்க வேண்டும்.

போன் காட்சிகளில் பேச்சு இல்லையென்றால், எடிட்டிலேயே அவற்றை 24 ஆக்கிவிடுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், மரம் மட்டைக்குப் பரவாயில்லை. பேச்சு இருந்தால் பிரேம்களை உதறித்தான் ஆக வேண்டும், இடறல் கொஞ்சம் இருக்கும்.

அடுத்த படம் டிவிக்கு என்றால் 25, ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 30இல் 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதை எந்தக் கடைக்காரராலும் முழுதாகத் துடைக்க முடியாது.

படம் எப்படி வேண்டும் என்று சேனல் தரும் தாளில் 50i என்று இருந்தால் பயப்படாதீர்கள். 25 முழு பிரேம்களை இரண்டிரண்டு பாதியாக அனுப்புவதற்கு அந்தப் பெயர்; எக்ஸ்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளைப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். எடிட் முடிந்து, படத்தைத் திருப்பி அனுப்பும்போதுதான் அதை நீட்டுவார்கள். அதிலும் காரணம் ஒரு வரிகூட இருக்காது.