அழும்போது தொடையிடுக்குல புடைச்சு, தூங்கும்போது காணாம போற வீக்கம்

கேள்வி: டாக்டர், எங்க பிள்ளைக்கு மூணு மாசம் ஆகுது, ஆம்பளப் பிள்ளை, 34 வாரத்துலயே பொறந்துட்டான். ஒரு வாரமா அழும்போதெல்லாம் வலது தொடையிடுக்குல நெல்லிக்கா அளவுக்கு புடைக்குது, தூங்குனா இருந்த இடமே தெரியல. தொட்டா அழ மாட்டேங்கான், பால் நல்லா குடிக்கான். அத்தை ஒரு காசு வச்சு இறுக்கிக் கட்டு, தானா உள்ள போயிரும்னு சொல்லுதாங்க. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, சாஸ்தா கோயில்ல மொட்டை போட்டுட்டு பெறவு டாக்டர்ட்ட காட்டுனா போதுமா? (கல்லிடைக்குறிச்சியில இருந்து ஒரு அம்மா)

பதில்: மொட்டைய உத்திரத்துக்கே போடுங்கம்மா, ஆனா டாக்டர்ட்ட காட்டுறத அதுவரைக்கும் தள்ளாதீங்க, இந்த வாரத்துக்குள்ள ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர்ட்ட, அதாவது பீடியாட்ரிக் சர்ஜன்ட்ட கொண்டு போயிருங்க. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா இது குடலிறக்கம் மாதிரிதான் இருக்கு, ஹெர்னியான்னு சொல்லுவோம். நேர்ல தொட்டுப் பாத்துதான் உறுதி பண்ணணும், ஆனாலும் அழும்போது புடைச்சு அமைதியானா மறையுற வீக்கம், வலது பக்கம், ஆம்பளப் பிள்ளை, குறைமாசம், இந்த நாலும் ஒண்ணா சேர்ந்தா எங்க மனசுல முதல்ல வர்றது அதுதான்.

இது ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா தானா சரியாகுமாங்கிற கேள்விக்கும் பதில் கிடைச்சிரும். ஆம்பளப் பிள்ளைக்கு விதை முதல்ல வயித்துக்குள்ளதான் உருவாகுது, கர்ப்பத்தோட கடைசி ரெண்டு மூணு மாசத்துல அது தொடையிடுக்கு வழியா கீழ பைக்குள்ள இறங்குது, அப்போ வயித்தோட உள்சவ்வையும் ஒரு குழாய் மாதிரி கூடவே இழுத்துட்டு வருது. விதை இறங்குன பெறவு அந்தக் குழாய் மூடிக்கணும். வாய்க்கால்ல தண்ணி விட்டு முடிஞ்சதும் மடைய அடைக்கிற மாதிரிதான், அடைக்காம விட்டா தண்ணி வரத்து கூடும்போதெல்லாம் வயலுக்குள்ள பாயத்தான் செய்யும். பிள்ளை அழும்போதும் முக்கும்போதும் வயித்துக்குள்ள அழுத்தம் கூடுது, குடல் அந்தத் திறந்த வழியா எட்டிப் பாக்குது, அமைதியானதும் உள்ள போயிருது. வலது பக்கத்து விதை கொஞ்சம் லேட்டா இறங்குறதால அந்தப் பக்கத்து வழி மூடுறதும் லேட்டாகுது, அதான் வலது பக்கம் அதிகமா வருது. குறைமாசத்துல பொறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் நடந்து முடியுறதுக்கு நேரமே கிடைக்கல, அதனால அவங்களுக்கு இது ரொம்ப சகஜம்.

தொப்புள் புடைச்சு இருக்கிறது வேற விஷயம், அது பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிரும், அத்தை பாத்த பிள்ளைகள் அப்படி சரியானவங்களா இருக்கலாம். ஆனா தொடையிடுக்குல குடல் இறங்கிட்டா அந்த வழி தானா மூடும்னு காத்திருக்க முடியாது. காசு வச்சுக் கட்டுறதும் வேண்டாம், மேல இருந்து அழுத்துறதால உள்ள இருக்கிற வழி அடைபடாது, வெளிய வந்த குடல் கட்டுக்கு அடியில நசுங்கிக் கிடந்தா உங்களுக்குத் தெரியாமலே போயிரும், பச்சப் பிள்ளையோட தோலும் புண்ணாயிரும்.

சிலருக்கு பையில தண்ணி மட்டும் கோர்த்திருக்கும், ஓதம்னு நம்ம பக்கம் சொல்றது. அது பச்சப் பிள்ளைக்கு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வயசுக்குள்ள வத்திரும், அவசரம் கிடையாது. சில வீடுகள்ல செல்போன் டார்ச் அடிச்சுப் பாத்து வெளிச்சம் ஊடுருவுது, அப்போ தண்ணிதான்னு முடிவு பண்ணிருதாங்க. இத நம்பாதீங்க, பச்சப் பிள்ளையோட குடல் சுவர் அவ்வளவு மெல்லிசு, காத்து நிறைஞ்ச குடலும் டார்ச் வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும். தொட்டுப் பாக்குற கைக்குத்தான் வித்தியாசம் தெரியும், வீக்கத்துக்கு மேல விரல் வைக்க இடம் இருக்கான்னு பாப்போம், இடுக்குல இருந்தே வீக்கம் ஆரம்பிச்சா குடலா இருக்கும்.

இப்போ ஏன் சீக்கிரம் காட்டணும்னு சொல்லுதேன். அந்த வழியோட வாய் ரொம்பச் சின்னது, வெளிய வந்த குடல் ஒரு நாள் திரும்பிப் போக முடியாம மாட்டிக்கிடலாம், மாட்டுனா வீங்கும், வீங்குனா இன்னும் இறுகும், அப்புறம் குடலுக்கு ரத்த ஓட்டம் நிக்கும், பக்கத்துலயே போற விதையோட ரத்தக் குழாயும் நசுங்கும். இது எந்த வயசுலயும் நடக்கலாம், ஆனா முதல் வருசத்துலதான், அதுலயும் முதல் சில மாசத்துலதான் அதிகம். உங்க பிள்ளை சரியா அந்த வயசுல இருக்கான். இன்னைக்கு வலிக்காம இருக்கிறத வச்சு நாளைக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொல்ல முடியாது.

ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளைய கொண்டு வந்தாங்க, ஒன்றரை மாசம். சாயங்காலத்துல இருந்து விடாம அழுதிருக்கு, வீட்டுல வயித்து வலின்னு நினைச்சு கிரைப் வாட்டர் கொடுத்தாங்க, ஓம வாட்டர் கொடுத்தாங்க, பால் கொடுத்தா கக்கிருக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாந்தி பச்சையா வந்ததும் பயந்து போய் வண்டி பிடிச்சு வந்தாங்க. டயப்பர கழட்டினா இடுக்குல கல்லு மாதிரி ஒரு கட்டி, மேல தோல் லேசா சிவந்திருந்துச்சு. அந்தக் கட்டி இடையில வந்து வந்து போயிட்டு இருந்தது அம்மாவுக்கு முன்னாடியே தெரியும், ஆனா அன்னைக்கு அழுகைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கும் தோணல. டிரிப்ஸ் போட்டு, மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துல இருக்கிறத எடுத்து, மயக்க மருந்து கொஞ்சமா கொடுத்து பிள்ளை தளர்ந்த பெறவு மெதுவா ரெண்டு கையாலயும் அழுத்தி உள்ள அனுப்புனோம், போயிருச்சு. வீக்கம் வடிய ரெண்டு நாள் விட்டு, வீட்டுக்கு அனுப்பாம அங்கனயே வச்சு ஆபரேஷன் பண்ணுனோம். உள்ள போகாம இருந்திருந்தா அந்த ராத்திரியே கிழிச்சுப் பாக்க வேண்டியிருந்திருக்கும், குடல் கறுத்திருந்தா அந்தத் துண்ட வெட்டி எடுக்கணும்.

அதனால சர்ஜன பாக்குற வரைக்கும் பிள்ளை அழுதா முதல் வேலையா டயப்பர கழட்டிப் பாருங்க. வீக்கம் மெத்துன்னு இருந்து, தூக்கி வச்சு ஆத்துன கொஞ்ச நேரத்துல போயிட்டா பயம் இல்ல. பிள்ளை அமைதியான பெறவும் உள்ள போகாம கெட்டியா நிக்குதா, தொட்டா வீறிடுதானா, தோல் சிவக்குதா, வாந்தி எடுக்கானா, வயிறு உப்புதா, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு பாக்காதீங்க, உடனே கிளம்புங்க, தேவைப்பட்டா 108க்கு போன் போடுங்க. கல்லிடையில இருந்து பாளை வர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆகும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க. வழியில பால் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். கெட்டியா இருக்கிறத வீட்டுல அழுத்தவும் வேண்டாம், எப்போ அழுத்தலாம் எப்போ அழுத்தக்கூடாதுன்னு பாத்துத்தான் நாங்களே செய்வோம்.

பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலயே குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு. போகும்போது பிரசவ ஆஸ்பத்திரில கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டுப் போங்க, பிள்ளைய மூச்சு மிஷின்ல வச்சிருந்தாங்களாங்கிறது மயக்க டாக்டருக்குத் தெரியணும். வீக்கம் வந்திருக்கும்போது போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா ஓபில போய் நிக்கும்போது பிள்ளை நல்லா தூங்கிட்டு இருப்பான், டாக்டர் பாக்கும்போது ஒண்ணுமே இருக்காது. போட்டோவும் நீங்க சொல்றதும் ஒத்துப்போனா பெரும்பாலும் ஸ்கேன் கூட தேவைப்படாது.

ஆபரேஷன் வேணுமான்னா, ஹெர்னியான்னு உறுதியாயிட்டா வேணும், மருந்தால இது மூடாது. ஆனா பெரியவங்களுக்குப் பண்ற மாதிரி வலை எதுவும் வைக்க மாட்டோம். இடுக்கு மடிப்புலயே சின்னதா ஒரு கீறல் போட்டு, அந்தச் சவ்வுக் குழாய பிரிச்சு எடுத்து, வயித்துக்குப் பக்கத்துல மேலயே கட்டி விட்டா முடிஞ்சுது. கஷ்டம் எங்கன இருக்குன்னா, விந்துக் குழாயும் விதைக்குப் போற ரத்தக் குழாயும் நூல் கணக்கா அந்தச் சவ்வோட ஒட்டிட்டுப் போகும், அதுக்கு ஒண்ணும் ஆகாம பிரிக்கணும், அதனாலதான் பச்சப் பிள்ளைகளுக்கு இத பண்ணிப் பழகுனவங்கதான் பண்ணணும்னு நான் பிடிவாதமா சொல்றது.

எப்போ பண்றதுங்கிறதுல உங்க பிள்ளைக்கு ஒரு கணக்கு இருக்கு. நல்ல மாசத்துல பொறந்த பிள்ளைன்னா பொதுவா கண்டுபிடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள முடிக்கப் பாப்போம், சாயங்காலமே வீட்டுக்கும் போயிரலாம். உங்க பிள்ளை 34 வாரத்துல பொறந்தான், வெளிய வந்து சுமார் 13 வாரம், கூட்டினா 47. குறைமாசப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு 60 வாரத்த தாண்டுற வரைக்கும் மயக்க மருந்துக்குப் பெறவு மூச்சு திடீர்னு நின்னு நின்னு வர வாய்ப்பு உண்டு, அதனால ஒரு ராத்திரியாவது மானிட்டர் மாட்டி ஆஸ்பத்திரிலயே வச்சுக்கிடணும், என்ஐசியு, அதாவது பச்சப் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற இடமா இருக்கணும். பிள்ளையோட எடை, ரத்த அளவு, நுரையீரல் எல்லாம் பாத்துட்டு சில வாரம் போகட்டும்னு சர்ஜனும் மயக்க டாக்டரும் சொன்னாலும் சொல்லுவாங்க, அது சரியான முடிவா இருக்கலாம். அது பிள்ளைய பாத்து, ஆபத்துக்கு அறிகுறி என்னன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, தேதி குறிச்சு காத்திருக்கிறது. யாரும் பாக்காம வீட்டுல இருந்துட்டு உத்திரம் கழியட்டும்னு இருக்கிறதையும் அதையும் ஒண்ணா நினைக்காதீங்க.

பொம்பளப் பிள்ளை வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அவங்களுக்கு இது கம்மியா வந்தாலும், இடுக்குல பாதாம்பருப்பு அளவுல ஒரு உருண்டை வலிக்காம, உள்ளயும் போகாம நின்னா அது கருமுட்டைப் பையா இருக்கலாம், அது முறுக்கிக்கிடவும் வாய்ப்பு உண்டு. அத நாலு நாள் பாப்போம்னு இருக்காம சர்ஜன்ட்ட சீக்கிரம் காட்டிருங்க.

ஆபரேஷன் தேதி குறிச்ச பெறவு தாய்ப்பால நாலு மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க, பவுடர் பாலுன்னா ஆறு மணி நேரம், பிள்ளை அழுதான்னு இடையில ஒரு வாய் கூட கொடுத்துராதீங்க, கொடுத்துட்டீங்கன்னா மறைக்காம சொல்லிருங்க. முடிஞ்சு சில நாளைக்கு விதைப்பை வீங்கித்தான் இருக்கும், அதப் பாத்து திரும்ப வந்துட்டுன்னு நினைக்க வேண்டாம், வடிஞ்சிரும். இடது பக்கம் இப்போ ஒண்ணும் இல்லைன்னாலும் சில பிள்ளைகளுக்கு பின்னாடி அங்கனயும் வருது, அதனால அதுக்கப்புறமும் அழும்போது ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருங்க.