பட்டியல், வரைவு, பத்தி: கட்டுரை வகுப்பு பற்றிச் சில கேள்விகள்

உயர்நிலை வகுப்புகளில் தமிழ்க் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் ‘எங்கள் ஊர் ஏரி’ என்ற ஒரே தலைப்பே உதாரணம்.

எனக்குக் கட்டுரைக்கென வாரத்தில் ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. அந்த 45 நிமிடத்தில் திட்டமிடல், வரைவு, திருத்தம் எல்லாவற்றையும் எப்படி முடிப்பது?
*(ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை, விழுப்புரம்)*

முடிக்க வேண்டாம். ஒரு கட்டுரையை நான்கு வாரங்களுக்குப் பிரித்துவிடுங்கள். முதல் வாரம் பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுப்பது, இரண்டாம் வாரம் முதல் வரைவு, மூன்றாம் வாரம் பத்தி, நான்காம் வாரம் திருத்தம். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம்தான் உங்கள் பாடம். அடுத்த 25 நிமிடம் மாணவர்கள் எழுதட்டும். மீதி நேரத்தில் இரண்டு பேர் எழுதியதை வாசிக்கட்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் நீங்களே எழுதுங்கள். எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “இந்த வாக்கியத்தை இங்கே வைக்கலாமா? வேண்டாம், காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்” என்று சொல்லி, எழுதியதை அடித்துவிட்டு மாற்றுங்கள். பெரும்பாலான மாணவர்கள் முடிந்த கட்டுரையைத்தான் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் யோசித்து எழுதுவதைப் பார்த்ததில்லை. பாடம் முடிந்ததும் பாதி வகுப்பு “இப்ப என்ன எழுதணும் மிஸ்?” என்று கேட்டால், ஒரே நாளில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த முறை ஒன்றைக் குறையுங்கள்.

குறிப்புச்சட்டகம் போடச் சொன்னால் ‘முன்னுரை, ஏரியின் பயன்கள், நம் கடமை, முடிவுரை’ என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.
*(பத்தாம் வகுப்பு ஆசிரியர், மதுரை)*

சட்டகத்தை முதலில் கேட்பதால் வரும் சிக்கல் இது. பொருள் சேரும் முன்பே தலைப்பு போடச் சொன்னால், மனப்பாடமாக இருப்பதுதான் வரும். வரிசையை மாற்றிப் பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஏரியைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல் சொல்லாக எழுதட்டும். வாக்கியம் கூடாது. கரை, மதகு, கலிங்கு, சீமைக்கருவேலம், வரத்துக்கால்வாய், மீன் குத்தகை, குப்பை, தாத்தா நீந்தியது, கொக்கு, போன வருட வெள்ளம் என்று ஒரு பட்டியல் வரும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் நம் ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்தது எது?” அவற்றை வட்டமிடச் சொல்லுங்கள். கொக்கு எந்த ஏரியிலும் இருக்கும். வரத்துக்கால்வாய் எந்தத் தெருவுக்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது என்பது உங்கள் மாணவருக்குத்தான் தெரியும்.

வட்டமிட்டவற்றில் ஒன்றோடொன்று சேர்பவற்றைக் கோடு போட்டு இணைக்கட்டும். கால்வாய், கருவேலம், வெள்ளம் மூன்றும் ஒரு கூட்டம். தாத்தா நீந்தியது, மீன் குத்தகை இன்னொரு கூட்டம். இப்போதுதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரே தேர்வில் உட்தலைப்பாகிவிடும். ‘ஏரியின் பயன்கள்’ இருந்த இடத்தில் ‘நிரம்பாத ஏரி’ என்று வரும். எந்தக் கூட்டத்திலும் சேராததை விட்டுவிடச் சொல்லுங்கள். இதுதான் அவர்களுக்குக் கடினம், எழுதியதை வீணாக்க மனம் வராது. அங்கே நீங்கள் கூடவே நிற்க வேண்டும்.

பத்தி பிரிக்கவே தெரியவில்லை. சிலர் பக்கம் முழுவதும் ஒரே பத்தியாக எழுதுகிறார்கள், சிலர் வாக்கியத்துக்கு ஒரு பத்தி.
*(தமிழாசிரியர், தஞ்சாவூர்)*

“எங்கள் ஊர் ஏரி மிகப் பெரியது. ஏரியில் மீன்கள் உள்ளன. நீர் நமக்கு அவசியம். வரத்துக்கால்வாய் அடைபட்டுவிட்டது. நாங்கள் அங்கே விளையாடுவோம். அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.” நாம் அடிக்கடி திருத்தும் பத்தி இது போன்றதுதான். வாக்கியங்களில் பிழையில்லை. ஆனால் அவற்றை எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் எதுவும் கெடாது. பத்தி உருவாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். வாக்கியங்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் கலைத்து அடுக்கச் சொன்னால் மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி அதிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் எடுங்கள்: கால்வாய் அடைபட்டது. பலகையின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: ஏன்? அதனால்? எங்கே பார்த்தாய்? ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் மேல் எழும் கேள்விக்குப் பதிலாக வர வேண்டும் என்பது விதி. வகுப்போடு சேர்ந்து எழுதினால் இப்படி ஒன்று வரும்:

“மழை பெய்தும் எங்கள் ஏரி நிரம்புவதில்லை. தண்ணீர் வந்து சேர வேண்டிய வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதனால் பெருமழை பெய்தால் தண்ணீர் கால்வாயை விட்டு விலகிச் சாலையில் ஓடுகிறது. போன ஐப்பசியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதே வாரம் ஏரியில் மதகின் அடிப்படிகூட நனையவில்லை.”

முதல் வாக்கியம் கருத்து. அடுத்தது காரணம், அதற்கடுத்தது விளைவு, கடைசியில் கண்ணால் கண்ட சான்று. மீனும் விளையாட்டும் இங்கே இல்லை, அவற்றுக்கு வேறு பத்தி உண்டு. கருத்து வாக்கியம் முதலில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தாத்தா நீந்திய கதையைச் சொல்லும் பத்தியில் அது கடைசியில் வந்தால்தான் நன்றாயிருக்கும்.

சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை மூன்று நான்கு சொற்களில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாமல் போனால், அல்லது இரண்டு தனி விஷயங்களை எழுத நேர்ந்தால், அங்கே பிரிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பத்திகளின் ஓரத்தில் ஒரே குறிப்பு வந்தால் சேர்க்க வேண்டும்.

வரைவில் ‘ஏரில தண்ணியே இல்ல’ என்று பேச்சுத்தமிழில் எழுதுகிறார்கள். உடனே திருத்தட்டுமா?
*(ஆசிரியை, திருநெல்வேலி)*

முதல் வரைவில் தொடவே வேண்டாம். எழுத்துத்தமிழைத் தேடிக்கொண்டே யோசிக்கும் மாணவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார், அல்லது தெரிந்த மனப்பாட வரிக்குத் தாவிவிடுவார். ‘நீரின்றி அமையாது உலகு’ என்ற, குறள் வழி வந்த வரி காரணமே இல்லாமல் வந்து விழுவது பெரும்பாலும் இப்படித்தான். வரைவு வகுப்பில் அழிப்பான் வேண்டாம். தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். சொல் வராத இடத்தில் கோடிட்டு மேலே போகட்டும்.

விட்ட வரிகள் நான்காம் வாரத்துக்கு. அன்று முதல் வேலை, பேச்சு வடிவங்களின் மேல் எழுத்து வடிவத்தை எழுதுவது: ‘ஏரில’ மேல் ‘ஏரியில்’, ‘தண்ணி’ மேல் ‘தண்ணீர்’. யாராவது பேசுவதாக வரும் வரியை மட்டும் அப்படியே விடலாம். எழுத்துப்பிழை சரிபார்ப்பதும் அன்றுதான்.

மாணவர்கள் வரைவின் நடுவில் திட்டத்தை மாற்றுகிறார்கள். அனுமதிக்கலாமா?
*(ஆசிரியர், கோயம்புத்தூர்)*

கட்டாயம் அனுமதியுங்கள். லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதுபவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டு, 1981இல் கண்டதை வெளியிட்டார்கள். திட்டமிடல், எழுதுதல், திருப்பிப் பார்த்தல் மூன்றும் வரிசையாக நடப்பதில்லை, எழுத எழுத ஒன்றுக்குள் ஒன்று வந்துபோகிறது என்பது அவர்கள் கண்டது. நான்கு வாரப் பிரிவு நம் பாடவேளைக்காகப் போட்டது. மாணவர் அதைத் தாண்டலாம். மாற்றியவர் புதிய கூட்டத்தின் பெயரைப் பட்டியல் பக்கத்தில் எழுதிவிட்டுத் தொடரட்டும்.

வகுப்பில் 60 பேர். எல்லா நோட்டையும் நான்கு முறை திருத்த முடியாதே?
*(ஆசிரியை, சேலம்)*

அந்த வாரம் கற்பித்ததை மட்டும் பாருங்கள். பத்தி வாரத்தில் ஒவ்வொரு நோட்டிலும் ஒரே ஒரு பத்தி, அதுவும் மாணவரே நட்சத்திரமிட்டுக் காட்டுவது. ‘ஏன்?’ என்றோ ‘எங்கே பார்த்தாய்?’ என்றோ ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகலாம். சந்திப்பிழை கண்ணில் பட்டாலும் அன்று விட்டுவிடுங்கள். முழுத் திருத்தமும் மதிப்பெண்ணும் நான்காம் வாரப் பிரதிக்கு மட்டும்.